17,500 ரூபாய் வேலைக்கு 19 வருட அனுபவம்: ஆம்பூர் பக்கத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஆம்பூர் பக்கம் உள்ள நடுத்தர அளவுத் தோல் கம்பெனி ஒன்றில் நான் பணியாளர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் ஆய்வகத்துக்கு ஓர் உதவியாளர் தேவைப்பட்டார். சம்பளம் மாதம் 17,500 ரூபாய். தோல் தொழில்நுட்ப டிப்ளமாவோ வேதியியல் பட்டமோ முடித்து ஒன்றிரண்டு வருடம் ஆனவர் வந்தால் போதும் என்பதுதான் எண்ணம். வந்த விண்ணப்பங்களில் ஒன்று 19 வருட அனுபவம் உள்ளவருடையது. கொல்கத்தா பான்தலா தோல் வளாகத்தில் ஃபினிஷிங் பிரிவுக்கே பொறுப்பாளராக இருந்தவர், சொந்த ஊர் பேரணாம்பட்டு. கடைசியாக வாங்கிய சம்பளம் எங்கள் இடத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல்.

அவரிடம் இந்த இடம் சிறியது என்று எப்படிச் சொன்னோம், தொடர்பில் இருங்கள் என்று சொன்னதை வெறும் மரியாதைப் பேச்சாக ஆக்காமல் எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். போனில் பேசியது என் பிரிவில் இருக்கும் இளம் அதிகாரி. பேசி முடித்த கையோடு அவர் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்தும், அவர் என்னிடம் சொன்னதிலிருந்தும் எடுத்துத் தருகிறேன்.

முதலில் அந்த வேலை என்ன என்று சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் "சின்ன இடம்" என்பதற்கு அர்த்தமே இல்லை. குரோமியத்தில் பதனிட்ட தோலில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம். அதில் ஒரு பகுதி சில சூழல்களில் ஆறு இணைதிறனுக்கு மாறிவிடும். உடம்பில் படும் தோல் பொருட்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினாலே ஐரோப்பியச் சந்தையில் விற்க முடியாது. 2015 மே மாதத்திலிருந்து இதுதான் விதி. அதனால் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் மாதிரி வெட்டி, சில வாடிக்கையாளர்கள் கேட்டால் 80 டிகிரியில் 24 மணி நேரம் அடுப்பில் வைத்து, அப்புறம் சோதனை ஓட்டி, வந்த எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும். கூடவே சாயம் தேய்ந்து போகிறதா, மடித்தால் மேல்பூச்சு வெடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உதவியாளரின் வேலை இதோடு முடிகிறது.

எண் கூடிவிட்டால் ஏன் கூடியது என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. கொழுப்பு ஏற்றப் போட்ட எண்ணெய் காரணமா, நடுநிலையாக்கும்போது காரம் மிஞ்சியதா, உலர்த்தியபோது சூடு அதிகமா என்று தேடுபவர் ஆய்வகப் பொறுப்பாளர். தோலைப் பதனிடும் டிரம்மை ஓட்டுபவரிடம் போய் எதை மாற்ற வேண்டும் என்று சொல்லும் அதிகாரமும் அவருக்குத்தான். எங்கள் பொறுப்பாளருக்கு வயது முப்பதுக்குள், நான்கு வருட அனுபவம். நன்றாக வேலை செய்கிறார்.

பேரணாம்பட்டுக்காரர் இந்த இடத்துக்கு வந்தால் முதல் வாரத்திலேயே ஒரு மாதிரியைக் கையில் எடுத்துப் பார்த்து, எங்கே தப்பு நடந்தது என்று சொல்லிவிடுவார். ஆனால் டிரம் பக்கம் போய் அதைச் சொல்ல அவருக்கு அனுமதி இருக்காது. சொல்லாமலும் இருக்க முடியாது. சொன்னால் இளைய பொறுப்பாளரின் பேச்சு வேலை நடக்கும் இடத்தில் எடுபடாது. "இவ்வளவு படித்தவர் எங்கே தங்கப் போகிறார், வேறு இடம் கிடைத்ததும் ஓடிவிடுவார்" என்பதுதான் பல கம்பெனிகள் சொல்லும் காரணம். அது ஊகம். அந்த இடத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பது உண்மை. பேசும்போது உண்மையை மட்டும் வைத்துப் பேசுவது என்று முடிவு செய்தோம்.

இதற்கு நடுவே உற்பத்தி மேலாளர் வேறு ஒரு யோசனை சொன்னார். "17,500-க்கு 19 வருட அனுபவம் வருது, எடுத்துப் போடுங்க சார். ஆறு மாசம் இருந்தாலும் லாபம்தான்." இந்தப் பேச்சு பல இடங்களில் நடக்கிறது. எனக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை. பொறுப்பாளர் நிலை மூளையை உதவியாளர் சம்பளத்துக்கு வாங்குவது ஒரு மனிதரின் நெருக்கடியை விலைக்கு வாங்குவது. அவருக்கு இன்னொரு நட்டமும் இருக்கிறது. அடுத்த கம்பெனியில் எல்லோரும் முதலில் கேட்பது கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைத்தான். அதில் 17,500 என்று இருந்தால், அதற்கு முந்தைய 19 வருடத்தை வைத்து அவர் பேரம் பேசுவது ரொம்பக் கடினம்.

ஆக, இந்த இடத்துக்கு இல்லை என்பதுதான் எங்கள் நிலை. ஆனாலும் ஒரு கேள்வியைத் திறந்து வைத்தோம். அவர் தெரிந்தே இறங்கி வர விரும்புகிறாரா, ஏன் என்று கேட்காமல் கதவைச் சாத்தக் கூடாது. நிர்வாகப் பொறுப்பே இனி வேண்டாம், மேசையில் உட்கார்ந்து சோதனை மட்டும் செய்கிறேன் என்று மனதார விரும்புகிறவர்களும் உண்டு. குழந்தை வளர்ப்புக்காகச் சில வருடம் விலகிவிட்டுத் திரும்பி வரும் பெண்கள் சிலர் அப்படிக் கேட்டு வந்து, நன்றாக நிலைத்திருக்கிறார்கள். அவர்களை மற்றவர்களைப் போலவே நேர்முகத்துக்கு அழைப்பதுதான் நியாயம்.

போன் செய்வதற்கு முன் என் அதிகாரி ஒரு மின்னஞ்சல் வரைவு எழுதியிருந்தார். "தங்கள் தகுதி இப்பணிக்கு மிகவும் அதிகமாக இருப்பதால் தங்களைப் பரிசீலிக்க இயலவில்லை. எதிர்காலத்தில் தகுந்த வாய்ப்பு வரும்போது தொடர்புகொள்வோம்." பார்க்கக் கண்ணியமாகத்தான் இருக்கிறது. படிப்பவருக்கு எப்படி இருக்கும்? தகுதி அதிகம் என்பது பாராட்டு மாதிரி வந்து தண்டனையாக முடிகிறது. இவ்வளவு வருடம் உழைத்ததுதான் குற்றம் போல. இரண்டாவது வரியோ எல்லோருக்கும் எல்லோரும் எழுதுவது, அதை யாரும் நம்புவதில்லை. அந்த வரைவை விட்டுவிட்டு, முதலில் போன், அப்புறம் எழுத்து என்று வைத்துக்கொண்டோம். காரணம் கேட்க வேண்டியிருந்ததால் போன்தான் சரி.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. பழைய வட ஆற்காட்டின் தோல் தொழிலில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எல்லாம் ஒரே தெரு மாதிரி. இங்கே மதியம் பேசியது சாயங்காலம் ராணிப்பேட்டை டீக்கடையில் இருக்கும். "அவரா? பதினேழாயிரத்துக்கு அலையுறாராமே" என்று ஒரு பேச்சு கிளம்பினால் அவருடைய மதிப்பு அன்றோடு போச்சு. அதனால் அவருடைய பயோடேட்டாவை நானும் அதிகாரியும் ஆய்வகப் பொறுப்பாளரும் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. உற்பத்தி மேலாளருக்கு அனுபவம் எவ்வளவு என்று மட்டும் சொல்லியிருந்தோம், பெயர் சொல்லவில்லை. விண்ணப்பித்தவர் முன்பு வேலை செய்த இடத்தில் யாரையும் விசாரிக்கவும் இல்லை. மரியாதையான வார்த்தைகளைத் தேடுவதை விட இது முக்கியம் என்று நினைக்கிறேன்.

வெள்ளி மதியம் தொழுகை நேரம், அதைத் தவிர்த்து ஒரு செவ்வாய் மாலை என் அதிகாரி அவரை அழைத்தார்.

"சார், வணக்கம். ஆய்வக உதவியாளர் இடத்துக்கு நீங்க விண்ணப்பம் அனுப்பியிருந்தீங்க, அது விஷயமா பேசணும். ஒரு பத்து நிமிஷம் தனியா பேச முடியுமா? இல்ல, அப்புறம் கூப்பிடட்டுமா?"

"இப்பவே பேசலாம், சொல்லுங்க மேடம்."

தனியாக இருக்கிறாரா என்று கேட்டது வெறும் மரியாதைக்காக இல்லை. வீட்டில் நாலு பேர் நடுவே நின்றுகொண்டு இதைக் கேட்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

அதன் பிறகு என் அதிகாரி தகுதியைப் பற்றிப் பேசவில்லை. இடத்தைப் பற்றிப் பேசினார். "சார், விளம்பரத்துல நாங்க சம்பளம் போடல, அதனால முதல்ல அத சொல்லிடறேன். 17,500. மாதிரி வெட்டுறது, சோதனை ஓட்டுறது, எண்ணை எழுதுறது, அவ்வளவுதான் வேலை. லாட் பாஸா ஃபெயிலான்னு கையெழுத்து போடறது பொறுப்பாளர். அவருக்கு நாலு வருஷ அனுபவம். இந்த இடத்துல இருந்து அடுத்த படிக்குப் போக ரெண்டு மூணு வருஷம் ஆகும்." சொல்லிவிட்டு நிறுத்தினார். அந்த நிறுத்தம் முக்கியம். இங்கே அவசரப்பட்டு "ஆனா நீங்க ரொம்பப் பெரிய ஆளு சார்" என்று இட்டு நிரப்பினால், எதிரில் இருப்பவர் தன் மனதில் உள்ளதைச் சொல்ல இடமே இருக்காது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்: "சம்பளம் கம்மியாத்தான் இருக்கும்னு தெரியும்மா." அதுவரை மேடம் என்றவர் அம்மா என்று மாறியது அந்த இடத்தில்தான்.

"தெரிஞ்சே போட்டிருக்கீங்கன்னா ஏதோ காரணம் இருக்கும் சார். சொல்லணும்னு கட்டாயம் இல்ல. சொன்னா எனக்குப் புரிஞ்சிக்க உதவும்."

காரணம் வந்தது. அவருடைய தாயாருக்கு சிறுநீரகம் செயலிழந்து வாரத்தில் இரண்டு முறை டயாலிசிஸ். கொல்கத்தாவை விட்டு வந்ததே அதற்காகத்தான். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, அவரைச் சார்ந்திருக்கும் வருமானம் இல்லாத பெற்றோருக்கும் அதில் மருத்துவ வசதி உண்டு. அதிகச் சம்பளத்தில் அது கிடைக்காது. சின்ன வேலையில் சேர்ந்தால் அம்மாவின் சிகிச்சைச் செலவு நின்றுவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

எங்களில் யாரும் இதை யோசிக்கவில்லை. கேட்டதால்தான் தெரிந்தது. அதே நேரம், அந்தக் கணக்கில் ஓர் ஓட்டையும் இருந்தது. ஈ.எஸ்.ஐ.யில் சாதாரண மருத்துவம் சீக்கிரம் கிடைத்துவிடும். டயாலிசிஸ் மாதிரி உயர் சிகிச்சைக்குக் குடும்பத்தாரை அனுப்ப, தொழிலாளி குறிப்பிட்ட காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும். சேர்ந்த மறுநாளே கிடைக்காது. என் அதிகாரி அதைத் தெளிவாகச் சொன்னார். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அம்மா பெயரில் அட்டை எடுக்க முடியுமா என்று விசாரிக்கச் சொன்னார். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு அது. வேலை இல்லாத இந்த நேரத்தில் அவர் வருமானச் சான்றிதழ் வாங்க முடியும். "அது தோணவே இல்லம்மா" என்றார்.

சரி, இப்போது முடிவைச் சொல்ல வேண்டும். மனிதர் மனம் திறந்து பேசிவிட்டார், பாவமாகவும் இருக்கிறது. இங்கேதான் பலர் "பார்க்கலாம் சார், மேலே பேசிட்டுச் சொல்றேன்" என்று நழுவுவார்கள். அதைவிடப் பெரிய தீங்கு இல்லை. அந்தப் "பார்க்கலாம்"-ஐ நம்பி அவர் இரண்டு வாரம் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார், அதற்குள் வேறு இடம் கை நழுவிப் போகலாம். என் அதிகாரி சொன்னது இது:

"சார், இந்த இடத்துக்கு உங்க விண்ணப்பத்த நாங்க எடுத்துட்டுப் போகல. இத நானே சொல்லிடறேன். ஒரு லாட் ஃபெயில் ஆச்சுன்னா ஏன்னு உங்களுக்குத் தெரியும், ஆனா அத சொல்ற இடத்துல உங்கள நாங்க வைக்க முடியாது. அது உங்களுக்கும் கஷ்டம், பொறுப்பாளருக்கும் கஷ்டம். பொறுப்பு நிலையில இடம் இருந்தா நானே முதல்ல உங்களத்தான் கூப்பிடுவேன். இப்ப அப்படி ஒண்ணும் இல்ல."

"அந்தச் சம்பளத்துக்கே வரேன்னு சொன்னாலுமா?"

"ஆமா சார், சொன்னாலும்தான்."

அவர் கோபப்படவில்லை, ஆனால் வருத்தம் குரலில் தெரிந்தது என்று குறிப்பில் இருக்கிறது. அந்த வருத்தத்தை நல்ல வார்த்தை போட்டு மூட முயலாதது சரியான செயல். வயதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. "உங்களுக்கு இதவிட நல்லது கிடைக்கும்" என்றும் சொல்லவில்லை. கிடைக்குமா என்று நமக்கு எப்படித் தெரியும்?

தொடர்பில் இருப்பது பற்றி அதற்கப்புறம்தான் பேசினார். இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் தொடர்பு, பின்பு மறுப்பு என்று போனால், மறுப்பே காதில் விழாது. அவரிடம் இரண்டு விஷயம் கேட்டார். பயோடேட்டாவை ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாமா என்பது ஒன்று. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவருடைய விவரங்களை எதற்காக வைத்திருக்கிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்குவதைத்தான் அடிப்படையாக வைக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்பதுதான் முறை. இன்னொன்று, எந்த மாதிரி இடம் வந்தால் அழைக்கலாம், எவ்வளவு தூரம் வர முடியும் என்பது. வாலாஜா வரைக்கும் பஸ்ஸில் போய் வர முடியும், டயாலிசிஸ் நாட்களில் மதியத்துக்கு மேல் வீட்டில் இருக்க வேண்டும் என்றார். அது பதிவேட்டில் அப்படியே ஏறியது.

அன்று இரவே எழுத்தில் அனுப்பியது:

"ஐயா, வணக்கம். இன்று மனம் திறந்து பேசியதற்கு நன்றி. ஆய்வக உதவியாளர் இடம் இரண்டு வருடத்துக்குள் அனுபவம் உள்ளவருக்கானது. மாதிரி வெட்டுவது, சோதனை, பதிவு ஆகியவற்றோடு அதன் பொறுப்பு முடிகிறது, சம்பளம் 17,500. அதனால் இந்த இடத்துக்கு உங்கள் விண்ணப்பத்தை மேலே எடுத்துச் செல்லவில்லை. ஃபினிஷிங்கிலோ தரப் பிரிவிலோ பொறுப்பு நிலையில் எங்களிடம் இப்போது இடம் இல்லை. வந்தால் விளம்பரம் போடும் முன் உங்களுக்குச் சொல்வேன். இடம் வந்தாலும் வராவிட்டாலும் ஜூன் முதல் வாரத்தில் நானே அழைக்கிறேன். உங்கள் பயோடேட்டா ஒரு வருடம் எங்கள் பிரிவில் மட்டும் இருக்கும். வேண்டாம் என்று தோன்றினால் ஒரு வரி எழுதுங்கள், அழித்துவிடுகிறேன். எங்களுக்காக வேறு எந்த வாய்ப்பையும் தள்ளிப்போட வேண்டாம்."

கீழே அதிகாரியின் பெயரும் அவருடைய நேரடி எண்ணும் இருந்தன. அலுவலகப் பொது எண்ணைக் கொடுத்து "தொடர்பில் இருங்கள்" என்றால், அடுத்த முறை அவர் அழைக்கும்போது வரவேற்பில் இருப்பவரிடம் முழுக் கதையையும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். இந்தக் கடிதத்தில் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது கடைசி வரி. அது இல்லாவிட்டால் ஜூன் மாத அழைப்பு ஒரு வாக்குறுதி போல ஆகிவிடும். அழைக்கும் பொறுப்பு நம்முடையது, காத்திருக்கும் கடமை அவருக்கு இல்லை என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

விளம்பரத்தையும் திருத்தினோம். "அனுபவம் விரும்பத்தக்கது" என்று மொட்டையாக இருந்தது. இப்போது "0 முதல் 2 வருடம்" என்றும், சம்பளம் எவ்வளவு என்றும் போடுகிறோம். மேல் எல்லையை முன்கூட்டியே சொல்வது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு உதாரணம். ஒரு பொதுத்துறை வங்கி பியூன் வேலைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், பட்டதாரியாக இருக்கக் கூடாது என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தது. ஒரு பட்டதாரி பட்டத்தை மறைத்துச் சேர்ந்தார். நீதிமன்றம் வங்கியின் பக்கம் நின்றது. தனியார் கம்பெனியின் நிலை வேறுதான். ஆனாலும் எல்லையை மறைத்து வைத்தால், ஒருவர் தன் படிப்பையோ அனுபவத்தையோ மறைக்க நேரிடும். இவர் எதையும் மறைக்காமல் 19 வருடத்தையும் எழுதியிருந்தார் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

ஜூன் முதல் வாரம் சொன்னபடி போன் போனது. எங்களிடம் இடம் எதுவும் வந்திருக்கவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாதபோது அழைப்பதுதான் கடினம், பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். இரண்டு நிமிடப் பேச்சு. "இன்னும் இடம் இல்ல சார், ஆனா கூப்பிடறேன்னு சொல்லியிருந்தேன்." அவர் அதற்குள் ராணிப்பேட்டையில் ஒரு டேனரிக்கு வாரம் மூன்று நாள் ஆலோசகராகப் போய்க்கொண்டிருந்தார். டயாலிசிஸ் நாட்களுக்கு இடைஞ்சல் இல்லை. அம்மாவின் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பம் போட்டாயிற்று, இன்னும் கைக்கு வரவில்லை. முழு நேர வேலை இப்போது தேவையில்லை, ஆனால் உங்களிடம் ஏதாவது லாட் ஃபெயில் ஆகிக் காரணம் பிடிபடாமல் போனால் ஒரு நாள் வந்து பார்க்கிறேன், அதற்கு இவ்வளவு கட்டணம் என்றார். உற்பத்தி மேலாளரிடம் கேட்டுவிட்டு அந்தத் தொகையையும் சேர்த்துக் குறித்துக்கொண்டோம்.

உதவியாளர் இடத்துக்கு வாணியம்பாடியிலிருந்து வேதியியல் முடித்த ஒரு பெண் வந்திருக்கிறார். பதிவேட்டில் பேரணாம்பட்டுக்காரர் பெயருக்கு எதிரே "முழு நேரம் வேண்டாம், நாள் கணக்கில் வருவார், அடுத்த அழைப்பு டிசம்பர்" என்று இருக்கிறது.